ஒரு மெயில், 47 பேரு: டூ, சிசி, பிசிசில யார வைக்கணும், ரிப்ளை ஆல் எங்க கெடுக்கும்

நாகர்கோவில்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல 11 வருஷமா மெயில் பாக்குற வேலை எனக்கு. எங்க கிளையண்ட்னு பாத்தா குலசேகரத்துல ரப்பர் ஷீட் வாங்கி விக்கிறவங்க, குளச்சல்ல ஐஸ் பிளாண்ட் வச்சிருக்கவங்க, மார்த்தாண்டத்துல தேன் பாட்டில்ல அடைச்சு அனுப்புறவங்க, வடசேரில துணிக்கடைக்காரங்க, இப்பிடி கலந்து இருப்பாங்க. இதுல ஒரே தொழில் பண்றவங்க, ஒரே பஜார்ல எதிரும் புதிருமா கடை வச்சிருக்கவங்க நெறைய பேரு உண்டு. அதனால எங்க ஆபீஸ்ல ஒரு மெயில் தப்பான பெட்டில விழுந்தா அது வெறும் மரியாதைக் குறைவு இல்ல, ஒருத்தரோட ரேட்டு இன்னொருத்தர் கைக்கு போயிரும். நான் கீழ எழுதுறது அப்பிடி நடந்ததுல இருந்து படிச்சது. உங்களுக்கு என்ன பிரச்சனை தெரியுதோ அந்த தலைப்புல இருந்து படிங்க.

"ஒருத்தர் அனுப்புன பதில் எல்லாருக்கும் போயிட்டு"

இதுதான் ரொம்ப வலிக்கிறது, அதனால இத நின்னு சொல்லுறேன்.

மாசாமாசம் ஜிஎஸ்டி தாக்கல் பண்றவங்களுக்கு 3பி ரிட்டர்ன் 20-ம் தேதிக்குள்ள போணும். ஒரு மாசம் 17-ம் தேதி காலைல, பர்ச்சேஸ் பில் இன்னும் தராதவங்க எல்லாருக்கும் ஞாபகப்படுத்தி ஒரு மெயில் போட சொல்லி புதுசா சேந்த பையன்கிட்ட சொன்னேன். அவனும் நல்லாத்தான் எழுதினான், ஆனா 47 பேரோட அட்ரஸையும் சிசில போட்டு அனுப்பிட்டான். பத்து நிமிஷம் கூட ஆகல, குளச்சல் ஐஸ் பிளாண்ட் ஓனரோட மகன் போன்ல இருந்து பதில் அனுப்பிட்டார். பர்ச்சேஸ் பில்லு, கூடவே பேங்க் ஸ்டேட்மெண்ட்டு, எந்த போட்டுக்கு என்ன ரேட்டுல ஐஸ் குடுத்தாங்கங்குற லிஸ்ட்டு. போன்ல மெயிலோட அடியில `Reply`, `Reply all`, `Forward` மூணும் பக்கத்து பக்கத்துலதான இருக்கு, அவரு நடுவுல உள்ளத தொட்டுட்டார். அந்த 47 பேர்ல அதே துறைமுகத்துல ஐஸ் விக்கிற இன்னொருத்தரும் இருந்தாரு.

மத்தியானம் ஓனர் போன் பண்ணினாரு. "மக்கா, நான் உங்கள நம்பித்தான கணக்க தந்தேன், இப்பம் அவன் என் ரேட்ட சொல்லி எங்கிட்டயே பேசுகான்" அப்பிடின்னாரு. அவரு சத்தம் போடல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்து.

இதுல தப்பு யாரு மேல? ரிப்ளை ஆல் அமுக்குனவரு மேலன்னு தோணும், ஆனா எனக்கு அப்பிடி படல. ரிப்ளை ஆல்ங்குறது என்ன செய்யும்னு பாருங்க: மெயில் அனுப்புனவரு, டூல இருக்கவங்க, சிசில இருக்கவங்க, இவ்வளவு பேரையும் எடுத்து புது மெயில்ல தானா நிரப்பும். பிசிசில இருந்தவங்கள அது எடுக்காது, ஏன்னா அந்த பேருங்களே வந்து சேந்த மெயில்ல கிடையாது. அப்ப 47 அட்ரஸ சிசில வச்சு அனுப்புற அன்னைக்கே, அந்த 47 பேர்ல யாரு வேணும்னாலும் மத்த 46 பேருக்கு ஒரே தொடுதல்ல எதையும் அனுப்பலாம்னு நாமதான் வழி போட்டு வச்சிருக்கோம். சரி பண்ண வேண்டிய இடம் அனுப்புற பக்கம்தான்.

அதுக்கு செய்ய வேண்டியது இவ்வளவுதான்: டூல உங்க ஆபீஸ் அட்ரஸையே போடுங்க, மத்த எல்லாரையும் பிசிசில போடுங்க. ஜிமெயில்ல புது மெயில் திறந்தா டூ பெட்டில கிளிக் பண்ணுன உடனே வலது ஓரத்துல `Cc` `Bcc`ன்னு வரும், ரெண்டாவத அமுக்குங்க. போய் சேர்ற மெயில திறந்து மூணு புள்ளிய தொட்டு `Show original` பாத்தா மேல இப்பிடித்தான் இருக்கும்:

```
From: office@example.com
To: office@example.com
Subject: GSTR-3B
```

பிசிசி வரியே இல்ல பாருங்க. அது எங்க போச்சுன்னு பையன் கேட்டான். கல்யாண பத்திரிகை உதாரணம்தான் சொன்னேன். உள்ள இருக்க பத்திரிகைல ஒண்ணும் எழுதியிருக்காது, கவர் மேலதான் யார் வீட்டுக்குன்னு பேரு இருக்கும். மெயிலுக்கும் அதே மாதிரி ஒரு கவர் உண்டு, சர்வர்கள் அவங்களுக்குள்ள பேசுறப்ப இந்த மாதிரி சொல்லிக்கும்:

```
RCPT TO:<ice1@example.com>
RCPT TO:<ice2@example.com>
```

டெலிவரி நடக்குறது இந்த கவர வச்சு. மெயில் உங்க இன்பாக்ஸ்ல வந்து விழுறப்ப கவர கிழிச்சு போட்டாச்சு, பத்திரிகைதான் மிச்சம். ரிப்ளை ஆல் படிக்கிறது பத்திரிகையத்தான். அதனால இப்பம் அந்த ஐஸ் பிளாண்ட் பையன் தெரியாம ரிப்ளை ஆல் தொட்டாலும் எங்க ஆபீஸுக்கு மட்டும்தான் வரும், வேற யாருக்கும் போகாது. உங்க சென்ட் ஃபோல்டர்ல உள்ள காப்பில மட்டும் பிசிசி பேருங்க தெரியும், அத பாத்து பயந்துராதீங்க, அது உங்களுக்கு மட்டும்தான்.

ஒவ்வொரு தடவையும் 47 அட்ரஸ் அடிக்க முடியாதுன்னா கூகுள் காண்டாக்ட்ஸ்ல ஒரு லேபிள் போட்டு எல்லாரையும் அதுக்குள்ள சேத்துருங்க. பிறகு பிசிசி பெட்டில அந்த லேபிள் பேர அடிச்சா எல்லாரும் வந்துருவாங்க. லேபிள டூல அடிச்சா எல்லாரும் டூல வந்துருவாங்கங்குறதும் ஞாபகம் இருக்கட்டும், அதனால எங்க ஆபீஸ்ல மொதல்ல பிசிசி பெட்டிய திறந்து லேபிள போட்டுட்டு அப்பறம்தான் சப்ஜெக்டே அடிக்கணும்னு வச்சிருக்கோம்.

பிசிசிக்கும் எல்லை உண்டு. சாதாரண ஜிமெயில்ல ஒரு மெயிலுக்கு 500 பேருக்கு மேல ஏத்த முடியாது, அதுக்கும் கீழயே கூட ஒரே மெயில் நெறைய பேருக்கு பிசிசில போனா சில பேருக்கு ஸ்பாம்ல விழும். இன்னொண்ணு, ஒவ்வொருத்தர்கிட்டயும் வேற வேற பேப்பர் பாக்கி இருக்குன்னா பிசிசியே வேண்டாம், தனித்தனியா அனுப்புங்க. "தேதி நெருங்குது"ன்னு பொதுவா சொல்றதுக்கு பிசிசி. "உங்க செப்டம்பர் மாச டீசல் பில்லு ரெண்டு வரல"ன்னு சொல்றதுக்கு தனி மெயில். அந்த 17-ம் தேதி மெயில நாங்க தனித்தனியாத்தான் அனுப்பியிருக்கணும்னு இப்பமும் நெனைக்கேன், 47 மெயில்னா ஒரு மணி நேர வேலைதான்.

"ஏற்கனவே போயிட்டு, இப்ப என்ன செய்ய?"

மொதல்ல செய்யக் கூடாதது. அதே மெயில்ல ரிப்ளை ஆல் போட்டு "யாரும் ரிப்ளை ஆல் பண்ணாதீங்க"ன்னு எழுதாதீங்க. அது 47 பேருக்கும் அந்த இழைய திரும்ப மேல கொண்டு வந்து வைக்கும். ஏற்கனவே பாக்காதவங்களும் அப்பம்தான் திறந்து பாப்பாங்க, கீழ அந்த பழைய மெயில் அப்பிடியே மடிச்சு கெடக்கும், அதுக்கு "ஓகே மேடம்"னு நாலு பேரு திரும்ப ரிப்ளை ஆல் போடுவாங்க. எங்களுக்கு அன்னைக்கு அப்பிடி மூணு வந்து.

நாங்க செஞ்சது இது. புது மெயில் திறந்தோம், பழையதுக்கு பதிலா இல்ல, புத்தம் புதுசா, வேற சப்ஜெக்ட்ல. டூல எங்க அட்ரஸ், பிசிசில 47 பேரும். உள்ள நாலே வரி: காலைல வந்த மெயில்ல எல்லாரோட அட்ரஸும் தெரியுற மாதிரி நாங்க அனுப்பிட்டோம், தப்பு எங்களது, அந்த மெயிலுக்கு பதில் போடாதீங்க, அதையும் அதுல வந்த பதில்களையும் அழிச்சிருங்க, பில்ல இந்த புது மெயிலுக்கு பதிலா அனுப்புங்க. யாரு என்ன அனுப்பிட்டாங்கன்னு அதுல ஒரு வார்த்தை எழுதல. எழுதினா திறக்காதவங்களும் போயி திறப்பாங்க.

அப்பறம் போன். மொதல்ல பாதிக்கப்பட்ட ஐஸ் பிளாண்ட் ஓனருக்கு, அவரா கூப்பிடுறதுக்கு முன்னாடி நாங்க கூப்பிட்டிருக்கணும், அதுல ஒரு மணி நேரம் பிந்திட்டோம். அடுத்து அந்த லிஸ்ட்ல அதே தொழில் பண்றவங்க யாரு யாருன்னு பாத்து, நாலு பேருக்கு எங்க ஆடிட்டர் சாரே பேசினாரு. "அண்ணாச்சி, அத அழிச்சிருங்க, ட்ராஷ்ல இருந்தும் அழிச்சிருங்க, நாளைக்கு உங்க பேப்பருக்கும் இதே மாதிரி பேசுவேன்"னு சொன்னாரு. மெயில் இன்னொருத்தர் இன்பாக்ஸுக்கு போயிட்டுன்னா நம்ம பக்கத்துல இருந்து அத திரும்ப எடுக்க முடியாது, அவங்க சம்மதிச்சு அழிச்சாத்தான் உண்டு. ஜிமெயில்ல `Undo` வருதேன்னு கேப்பீங்க, அது போன மெயில திரும்ப இழுக்கிறது இல்ல, அனுப்பாம கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சிருக்கும், அவ்வளவுதான். அந்த நேரம் 5 செகண்டா இருக்கும், செட்டிங்ஸ்ல `General` பக்கத்துல `Undo Send`ன்னு இருக்கும், அத 30 ஆக்கிட்டு கீழ `Save Changes` அமுக்குங்க. 30-க்கு மேல கிடையாது. அவுட்லுக்ல உள்ள ரீகால் ரெண்டு பேரும் ஒரே நிறுவனத்தோட சர்வர்ல இருந்தாத்தான் வேலை செய்யும், வெளிய ஜிமெயிலுக்கு போனத அதால ஒண்ணும் செய்ய முடியாது.

அதே `General` பக்கத்துல `Default reply behavior`னு ஒண்ணு இருக்கு, அதுல `Reply all` தேர்வாகி இருந்தா மாத்திருங்க. எங்க ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர்ல அப்பிடி இருந்து, யாரு எப்பம் மாத்துனாங்கன்னு தெரியல.

அட்ரஸ் மட்டும் தெரிஞ்சா என்ன கெட்டுப் போச்சுன்னு நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 2015-ல லண்டன்ல ஒரு எச்ஐவி கிளினிக் அவங்களோட செய்தி மடல 781 பேருக்கு பிசிசில போடுறதுக்கு பதிலா டூல போட்டு அனுப்பிட்டாங்க. மடல்ல ரகசியம் ஒண்ணும் இல்ல, ஆனா அந்த லிஸ்ட்ல பேரு இருக்குங்குறதே ரகசியம்தான். பெரும்பாலான அட்ரஸ்ல முழுப் பேரும் இருந்து. அடுத்த வருஷம் அங்க உள்ள தகவல் ஆணையர் 1,80,000 பவுண்டு அபராதம் போட்டாங்க. நம்மூர்ல ஒரு வக்கீல் ஆபீஸ், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு கடன் சங்கம் இப்பிடி அனுப்பினாலும் அதேதான், யாரு யாரு அங்க போயிட்டு வாராங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்.

"சம்பந்தம் இல்லாதவருக்கு என் மெயில் போகுது, நான் அவர சேக்கவே இல்ல"

இது மேல சொன்னதோட வால். ரெண்டு மாசம் கழிச்சு வடசேரி துணிக்கடைக்காரரு எங்களுக்கு அனுப்ப வேண்டிய ஸ்டாக் லிஸ்ட்ட குலசேகரம் ரப்பர்காரருக்கு அனுப்பிட்டாரு. ரெண்டு பேருக்கும் பழக்கமே கிடையாது. காரணம் என்னன்னா, அன்னைக்கு ரிப்ளை ஆல்ல "ஓகே மேடம்" போட்ட மூணு பேர்ல இவரும் ஒருத்தரு. ஜிமெயில், நாம புதுசா யாருக்காவது மெயில் அனுப்பினா அவங்க அட்ரஸ தானா `Other contacts`ல சேத்து வச்சுக்கும். அவரு ஒரு "ஓகே" அனுப்பின நிமிஷத்துல முன்ன பின்ன தெரியாத 46 பேரோட அட்ரஸ் அவரு காண்டாக்ட்ஸுக்குள்ள போயிட்டு. பிறகு எப்பமோ முதல் ரெண்டு எழுத்த அடிச்சதும் தப்பான பேரு மேல வந்திருக்கு, அமுக்கிட்டாரு.

கண்டுபிடிக்க, contacts.google.com திறந்து இடது பக்கம் `Other contacts` போயி பாருங்க, தெரியாத பேரு கூட்டமா இருந்தா எப்பவோ ஒரு ரிப்ளை ஆல்ல வந்ததா இருக்கும். அழிச்சிருங்க. தானா சேக்குறதையே நிறுத்தணும்னா ஜிமெயில் `General`ல `Create contacts for auto-complete`ன்னு இருக்குறதுல `I'll add contacts myself` தேர்வு பண்ணுங்க.

"பிசிசில ரகசியமா வச்ச ஆளு வெளிய வந்துட்டாரு"

இத நெறைய பேரு யோசிக்கிறதே இல்ல. கிளையண்ட்டுக்கு ஃபீஸ் பாக்கி பத்தி ஒரு மெயில் போட்டு, பெரியவரும் பாக்கட்டும்னு ஆடிட்டர் சார பிசிசில போட்டேன். அவரு வண்டில போறப்ப போன்ல பாத்துட்டு, எனக்கு மட்டும்தான் சொல்றோம்னு நெனச்சு, ரிப்ளை ஆல் தொட்டு "இவரு எப்பவும் இப்பிடித்தான், பணம் வராம வேலைய தொடாதே"ன்னு எழுதிட்டாரு. அது கிளையண்ட்டுக்கு போயிட்டு. பிசிசில இருக்கவரோட பேரு மத்தவங்களுக்கு தெரியாது, ஆனா டூல இருக்கவரு பேரு பிசிசில இருக்கவருக்கு நல்லாவே தெரியும், அவரு ரிப்ளை ஆல் அமுக்கினா அது நேரா அவங்களுக்குத்தான் போகும். ஒளிஞ்சு நின்னவரு தானா வந்து கதவ தட்டுன மாதிரி. கிளையண்ட்டுக்கு அந்த வார்த்தைய விட, தனக்கு தெரியாம இன்னொருத்தர் படிச்சிட்டிருந்தாருங்குறதுதான் கோவம்.

அதனால நான் இப்பம் ஒருத்தர கவனிக்க வைக்கிறதுக்கு பிசிசிய தொடுறதே இல்ல. மெயில கிளையண்ட்டுக்கு மட்டும் அனுப்பிட்டு, சென்ட் ஃபோல்டர் போயி அதே மெயில சாருக்கு ஃபார்வர்டு பண்ணுறேன். அதுக்கு அவரு என்ன அமுக்கினாலும் எனக்குத்தான் வரும். நீங்களே பிசிசில வந்த மெயில வாங்கியிருக்கீங்களான்னு தெரியணும்னா அனுப்புனவர் பேருக்கு கீழ உள்ள சின்ன அம்புக்குறிய தொட்டு விவரத்த பாருங்க. டூலயும் சிசிலயும் உங்க பேரு இல்லன்னா பதில் போடுறதுக்கு முன்ன நிதானிங்க, அனுப்புனவருக்கு மட்டும் பதில் போடுங்க.

"அஞ்சு பேருக்கு அனுப்பினேன், ஒருத்தரும் பதில் தரல"

அஞ்சு பேரையும் டூல போட்டிருப்பீங்க. இதுக்கு நம்ம ஊரு மனுவ நெனச்சுக்கங்க. கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதினா பெறுநர்னு ஒருத்தர போடுவோம், அடியில நகல்னு தாசில்தாரு, கிராம நிர்வாக அலுவலர்னு போடுவோம். நடவடிக்கை எடுக்க வேண்டியவரு பெறுநர், தெரிஞ்சு வச்சுக்க வேண்டியவரு நகல். டூவும் சிசியும் அதேதான், டைப்ரைட்டர்ல கார்பன் வச்சு அடிச்ச காப்பிங்குறதுதான் சிசிக்கு விரிவே. பெறுநர்ல அஞ்சு பேர எழுதினா மத்த நாலு பேரு பாத்துப்பாங்கன்னு அஞ்சு பேரும் விட்டுருவாங்க.

தேன் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் வந்தப்ப நாங்க அனுப்பின மெயில்ல டூல அவங்க அக்கவுண்டன்ட் மட்டும், சிசில ஓனரும் எங்க சாரும். முதல் வரியே "பிந்து மேடம், விற்பனை ரெஜிஸ்டர் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்"னு. வியாழக்கிழமையே வந்துட்டு. ரெண்டு பேரு ரெண்டு வேலை செய்யணும்னா டூல ரெண்டு பேரையும் போடலாம், ஆனா உள்ள பேரு சொல்லி யாருக்கு எதுன்னு தனித்தனி வரியா எழுதுங்க, முடியலன்னா ரெண்டு மெயிலா அனுப்புங்க.

சிசில போடுறதுக்கு முன்ன நான் கேட்டுக்கிறது, இந்த இழைல இனி வர்ற எல்லா பதிலும் இவரு படிக்கலாமா? இப்பம் எழுதுற மெயில மட்டும் இல்ல, நாளைக்கு பிந்து மேடம் கோவத்துல எழுதப் போறதையும் சேத்து. சந்தேகம் வந்தா சிசி வேண்டாம்.

"ரிப்ளை ஆல் போடாததால ஒருத்தருக்கு தெரியாம போச்சு"

இதுவும் நடக்கும், அதனால ரிப்ளை ஆல தொடவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். அதே தேன் கம்பெனி விஷயத்துல, மேடம் வெறும் ரிப்ளை அமுக்கி ரெஜிஸ்டர எனக்கு மட்டும் அனுப்பினாங்க. ஓனருக்கு வந்தது தெரியல, சனிக்கிழமை அவங்கள திட்டிட்டாரு. மூணு பேரும் ஒரே வேலைல இருக்காங்க, பதில் மூணு பேருக்கும் வேணும், அங்க ரிப்ளை ஆல்தான் சரி. அன்னைக்கு நான் செஞ்சது, அவங்க மெயிலுக்கு பதில் போட்டு ஓனரையும் சாரையும் சிசில திரும்ப சேத்து "மேடம் வியாழக்கிழமை மதியமே அனுப்பிட்டாங்க, கிடைச்சாச்சு"ன்னு எழுதினேன்.

நடுவுல ஒருத்தர இழைல இருந்து விலக்கணும்னா சொல்லாம எடுக்காதீங்க. முதல் வரில "ஓனர் சார பிசிசிக்கு மாத்தியிருக்கேன், இனி பில் விவரம் நாம ரெண்டு பேரும் பேசிக்கலாம்"னு எழுதி அவர பிசிசில போடுங்க. அந்த ஒரு மெயில் அவருக்கு போகும், தன்ன எடுத்தது அவருக்கும் தெரியும், அடுத்து மேடம் ரிப்ளை ஆல் போட்டாலும் அவருக்கு போகாது. பிசிசிய ஒளிக்காம, எல்லாருக்கும் சொல்லி பயன்படுத்துற இடம் இது, எனக்கு ரொம்ப பிடிச்ச உபயோகமும் இதுதான்.

அந்த ஐஸ் பிளாண்ட்காரரு இப்பமும் எங்க கிளையண்ட்தான். ஆனா பேங்க் ஸ்டேட்மெண்ட மட்டும் மெயில்ல அனுப்புறது இல்ல, மாசம் 12-ம் தேதிக்கு மேல பென்டிரைவ்ல போட்டு மகன்கிட்ட குடுத்து விடுவாரு.